கொட்டிய சிவப்பு

“சிவப்பை எல்லாம் கொட்டிட்டு வெறும் வெள்ளையை என் பிள்ளைக்கு ஏத்தியிருக்கீங்க. அப்புறம் சிவப்பு எங்கேருந்து வரும்?”

இதைச் சொன்னது என் மாமியார். சொன்ன இடம் மருத்துவமனை காரிடார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு நர்ஸ்கள், ஒரு வார்டு பாய், ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த முன்பின் தெரியாத ஒரு நோயாளி. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஏனென்றால் “நீங்க” என்று அவர் சொன்னது டாக்டரை இல்லை, என்னை. நான் அந்த மருத்துவமனையின் ரத்த வங்கியில் டெக்னீஷியன்.

“அத்தை, மெதுவா பேசுங்க. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டுமே! நான் என்ன பொய்யா சொல்றேன்? உன் ஆளுங்கதானே அந்தப் பையை மிஷின்ல போட்டுச் சுத்தினாங்க?”

அது பொய் இல்லை, அதுதான் தொல்லை.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் ஈறில் ரத்தம் கசிந்தது, முழங்கையில் காரணமே இல்லாமல் நீலம் பாரித்தது, இரண்டு மாடி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. லிஃப்ட் மெக்கானிக் படியேறி மூச்சு வாங்குகிறார் என்று நான் கிண்டல் செய்தேன். அப்புறம் காய்ச்சல் வந்தது, விடவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மூன்றும் தரைமட்டம். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் மலைத்து நின்றேன். அவர்தான் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஒரே பில்டிங்ல மூணு லிஃப்டும் ஒரே நேரத்துல நின்னா, ஒவ்வொரு கதவா திறந்து பாக்க மாட்டேன். மெயின் எங்கேன்னு தேடுவேன்.”

டாக்டரம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். “மெயின் எலும்பு மஜ்ஜையில இருக்கு. நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி,” என்றார். ஊசி போட்டு எடுத்துப் பார்த்தபோது மஜ்ஜை காலி. செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு மட்டும்.

மாற்று மஜ்ஜை கொடுக்க ஒரே ஆள்தான் பொருந்தினாள், அவருடைய தங்கை. எங்கள் வீட்டில் அவள் பெயர் வாலு. முப்பது வயதாகிவிட்டது, கல்யாணமாகிவிட்டது, இன்னும் வாலுதான். மஜ்ஜை அச்சாகப் பொருந்தியது, ரத்த வகை பொருந்தவில்லை. அண்ணன் ஓ, தங்கை பி. மஜ்ஜைப் பொருத்தம் வேறு, ரத்த வகை வேறு. வகை மாறினாலும் மாற்று செய்யலாம். ஆனால் ஓ வகை ஆளின் ரத்தத்தில் பி-க்கு எதிரான எதிர்ப்பொருள் பிறந்த சில மாதத்திலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். பி வகைச் சிவப்பணுவைக் கண்டால் அது விடாது. அதனால் வாலுவின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையை எங்கள் பிரிவில் சுழற்றி, அதிலிருந்த சிவப்பை நீக்கிவிட்டு, மீதியைத்தான் ஏற்றினார்கள். செக்கச்செவேல் என்று வந்த பை, வார்டுக்குப் போகும்போது வெளிறிப்போயிருந்தது. அதை என் மாமியார் பார்த்துவிட்டார்.

ஏற்றிய சில வாரத்தில் வெள்ளணு தலைகாட்டியது. வீடே குதித்தது. பின்னாலேயே தட்டணு வந்தது, நீலத் திட்டுகள் மறைந்தன. சிவப்பு மட்டும் வரவில்லை. வாரம் தவறாமல் ஒரு பை ஓ ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றினால் முகத்தில் கொஞ்சம் உயிர் வரும், அடுத்த வாரம் மறுபடி காகிதமாகிவிடும். மாதங்கள் ஓடின, காகிதம் காகிதமாகவே இருந்தது.

“இந்த மாசமும் பாப்போம்,” என்றார் டாக்டரம்மா. “வரலைன்னா பெரிய மருந்துக்குப் போகணும், இல்லன்னா தங்கச்சிகிட்ட இன்னொரு தடவை வாங்கணும். ரெண்டுமே எனக்குப் பிடிக்கலை. இப்பத்தான் எதிர்ப்பு சக்தி துளிர் விட்டிருக்கு. அதை மறுபடி அடிச்சுப் போட்டா, ஒரு சாதாரண சளி போதும்.”

எதற்குப் போதும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வாலுவோ தனக்கென்று ஒரு கதை கட்டிக்கொண்டாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இரும்புச் சத்துக் குறைவு. பள்ளியில் மயங்கி விழுந்து பெயர் வாங்கியவள். “அண்ணி, என்கிட்டயே சிவப்பு கம்மி. அதுல இருந்ததையும் நீங்க கொட்டிட்டீங்க. அண்ணனுக்கு எப்படி வரும்? இன்னொரு தடவை எடுத்துக்கச் சொல்லுங்க. ரெண்டு பக்க இடுப்பிலயும் எடுத்துக்கட்டும். வேணும்னா கால் எலும்பையும் நோண்டிக்கட்டும்.”

“உளறாதடி. நீ என்ன சுரங்கமா?”

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே உள்ளுக்குள் உதைத்தது. ஏன் என்று சொல்கிறேன். என் பிழைப்பே பிரிப்பதுதான். ஒருவர் கொடுக்கும் ஒரு பை ரத்தத்தைச் சுழற்றி, அடியில் சிவப்பு, மேலே மஞ்சள் நீர், நடுவில் தட்டணு என்று மூன்று பையாக்குவேன். சிவப்புக்கு ஒரு குளிர்பெட்டி, மஞ்சள் நீருக்கு உறைபெட்டி, தட்டணுவுக்கு ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒரு தட்டு. இத்தனை வருடமாக என் கண்ணுக்கு இவை தனித்தனிச் சரக்குகள். புத்தகத்தில் படித்தது எங்கோ கிடந்தது. கை பழகியதுதான் மனதில் நின்றது. சிவப்பைக் கொட்டினால் சிவப்பு போயிற்று, அவ்வளவுதான் என்று என் கை சொல்லிக்கொண்டே இருந்தது.

அத்தை காரிடாரில் கத்திய அன்றைக்கு, சத்தம் கேட்டு டாக்டரம்மாவே அறையை விட்டு வெளியே வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அத்தை, அவரோடு வந்திருந்த வாலு, நான் மூன்று பேரையும் உள்ளே உட்காரவைத்து, ஒரு பழைய எக்ஸ்ரே கவரின் பின்பக்கத்தில் புள்ளி ஒன்று வைத்தார்.

“அம்மா, நீங்க கேட்டது நல்ல கேள்வி. இது தாய் செல். ஸ்டெம் செல்னு சொல்வாங்க. இது சிவப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல. மைக்ராஸ்கோப்ல பார்த்தா தனியா கண்டுபிடிக்கவே முடியாது, அவ்வளவு சாது. மஜ்ஜையில லட்சம் செல்லுல ஒண்ணு ரெண்டு இருந்தா ஜாஸ்தி. உங்க பொண்ணுகிட்ட நாங்க வாங்கினது இதுக்காகத்தான். மத்ததெல்லாம் கூட வந்த கூட்டம்.”

“இத்துனூண்டா?” என்றார் அத்தை.

“இத்துனூண்டுதான். கையில ஊசி வழியா ஏத்துறோம். எங்க போகணும்னு நாம சொல்றதில்ல. ரத்தத்தோட சுத்தி, எலும்புக்குள்ள தன் இடத்தைத் தானே தேடிப் பிடிச்சு உட்காருது. உட்கார்ந்து ரெண்டாப் பிரியும். ஒண்ணு தாயாவே அங்கேயே இருக்கும். அதனாலதான் ஆயுசு பூரா தீர்றதில்ல. இன்னொண்ணு வீட்டை விட்டுக் கிளம்பும். அது பெருகும், பெருகப் பெருக ஒவ்வொரு முனையிலயும் ஒரு வழி எடுக்கும். ஒரு வழியில போனது கிருமியை விழுங்குற வெள்ளணு ஆகும். இன்னொரு வழியில எதிர்ப்பொருள் செய்றது. சிலது நெஞ்சுக்குள்ள இருக்கிற ஒரு சுரப்பிக்குப் போய்ப் பாடம் படிச்சுட்டுத்தான் வேலைக்கு வரும். இன்னொண்ணு பூதம் மாதிரி வளர்ந்து, அப்புறம் தன் உடம்பையே துண்டு துண்டா உதிர்க்கும். அந்தத் துண்டுதான் தட்டணு. சிவப்புக்குப் போறது கடைசியில தன் உட்கருவையே வெளியே தள்ளிட்டு, காத்தைச் சுமக்க இடம் பண்ணிக்கிட்டு ரத்தத்துல இறங்கும். எலிகளுக்கு இந்த மாதிரி ஒரே ஒரு செல்லைக் கொடுத்துப் பார்த்திருக்காங்க. அந்த ஒண்ணுலேருந்தே மொத்த ரத்தமும் வந்திருக்கு.”

வாலு அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. உறைபெட்டியில் ஒன்றும் ஆட்டும் தட்டில் ஒன்றுமாக நான் பிரித்து அடுக்கியவை எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்! என் உடம்பிலும் இந்த நிமிஷம் நொடிக்கு இருபது லட்சம் சிவப்பணு பிறந்துகொண்டிருக்கிறது என்றார் அவர். நான் என்னவோ சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

“அப்ப எங்க அண்ணனுக்கு ஏன் சிவப்பு மட்டும் வரல?” வாலுவின் குரல் உடைந்தது. “என்கிட்ட இருக்கிற தாய்க்குச் சிவப்பு பெத்துக்கத் தெரியாதா?”

“உன் தாய்க்கு ஒரு குறையும் இல்ல. உனக்குச் சமையலுக்குச் சாமான் பத்தல, இரும்பு பத்தல. சமைக்கிறவ நல்லாத்தான் இருக்கா. கேளு. உங்க அண்ணன் வெள்ளணுவை வகைவகையாப் பிரிச்சு மரபணு பார்த்தோம். எல்லாம் உன்னோடது. அவர் ரத்தத்தை மட்டும் யாராவது சோதிச்சா, பொம்பளைன்னுதான் ரிப்போர்ட் வரும்.”

அழுகைக்கு நடுவில் வாலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தட்டணுவும் வந்தாச்சு. தட்டணு வழியும் சிவப்பு வழியும் ரொம்ப தூரம் ஒண்ணாவே வர்ற பங்காளிங்க. கடைசியிலதான் பிரியும். அப்ப சிவப்புக்கும் வழி திறந்துதான் இருக்கு. ஆனா வாசல்ல ஒரு ஆள் நிக்கிறான். உங்க அண்ணனோட பழைய எதிர்ப்பொருள். அதைச் செய்ற செல்லு சிலது ரொம்ப நாள் வாழும், நாங்க கொடுத்த மருந்துக்கெல்லாம் அசையாது. உன் சிவப்புக் குழந்தை எலும்புக்குள்ளயே பி அடையாளத்தைப் போட்டுக்கிட்ட உடனே, அவன் அடிச்சுடுறான். பிறக்காம இல்ல. வெளியே வர விடல.”

அத்தை எழுந்தார். “அப்ப கொட்டினது...”

“கொட்டினது பழுத்த இலை. இலையைத்தான் கொட்டினோம்.”

அத்தை என்னைப் பார்த்தார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராது. “சாப்பிட்டியா?” என்று கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் சேர்த்து “ஆச்சு” என்றேன்.

அந்த எதிர்ப்பொருளின் அளவை வாராவாரம் எங்கள் பிரிவில்தான் பார்த்தோம். அவர் ரத்தத்தின் மஞ்சள் நீரை உப்பு நீரில் பாதி பாதியாகக் கலந்துகொண்டே போய், எதுவரைக்கும் அது பி செல்லைத் திரட்டுகிறது என்று பார்க்க வேண்டும். வீட்டு ஆளின் சாம்பிளை நான் தொடக் கூடாது என்பது எங்கள் தலைமை டெக்னீஷியனின் சட்டம். தொடமாட்டேன். அவர் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டி நிற்பேன். “என் காதுல மூச்சு விடாதீங்க,” என்பார். அளவு இறங்கியது. ஒரு குழாய், இன்னொரு குழாய் என்று ஆமை வேகத்தில் இறங்கியது. சிவப்பு மட்டும் வருவேனா என்றது.

மாதக் கடைசி வந்தது. தலைமை மூன்று நாள் லீவு. அந்த மூன்று நாளின் முதல் நாள், வார்டிலிருந்து கேட்டபோது நான்தான் ஓ பையை எடுத்துக் கொடுத்தேன். வேறு ஆள் இல்லை. மூன்றாம் நாள் காலை, இந்த வாரம் அந்த ஒரு பை போதவில்லை என்று அடுத்த பைக்காகப் புது சாம்பிள் வந்தது. அதையும் நான்தான் பார்க்க வேண்டியிருந்தது.

குழாயில், பி வகைச் செல்லைக் கண்டால் திரட்டிக் காட்டும் மஞ்சள் நிற மருந்து ஒரு சொட்டு விட்டேன், அவர் செல் ஒரு சொட்டு விட்டேன். சுழற்றி எடுத்து, எப்போதும்போல் மெல்லத் தட்டினேன். ஓ ரத்தம் என்றால் புகை மாதிரி ஒரே சீராகக் கலைந்து எழும். கலைந்தது. ஆனால் அதற்கு நடுவே, பால் திரிந்த மாதிரி, குட்டிக் குட்டியாகத் துணுக்குகள்.

இந்த வேலையில் இருக்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது என்ன தெரியுமா? ஓ ஆளிடம் பி செல் கலந்திருந்தால், யாரோ தப்பான பையைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான். முந்தாநாள் நான் எடுத்த பை பி. கட்டின புருஷனுக்கு என் கையாலேயே கொடுத்துவிட்டேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. இத்தனை மாதம் எதற்காகத் தவம் கிடந்தோமோ, அது கண் முன்னால் மிதக்கிறது. நான் அதைக் கொலை என்று படித்தேன்.

ஓடினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, படியில் ஓடினேன். அவர் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஃபோனில் எவனுக்கோ கதவு சென்சாரை எப்படிச் சரிசெய்வது என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

“முதுகு வலிக்குதா?”

“என்னது?”

“இடுப்பு வலிக்குதா? குளிர் அடிக்குதா? ஒண்ணுக்கு என்ன நிறத்துல போச்சு? சிவப்பாவா? காப்பி நிறத்திலயா?”

“ஏய், லைன்ல ஆள் இருக்கான்!” என்று ஃபோனைப் பொத்தினார். “ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் போச்சு. ஏன், உனக்கு வேணுமா கொஞ்சம்?”

அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. நர்ஸிடம் காய்ச்சல், நாடி எல்லாம் பார்க்கச் சொன்னேன். டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்தேன். “தப்பான பை கொடுத்துட்டேன் போல இருக்கு” என்றேன்.

“போல இருக்கா, இல்ல கொடுத்துட்டீங்களா?” என்றார். “துண்டு இருக்கில்ல? பாருங்க. நான் வார்டுக்கு வர்றேன்.”

துண்டு என்றால், ஒவ்வொரு பையோடும் ஒட்டியிருக்கும் மெல்லிய குழாயில் மூடி வெட்டி வைக்கும் ஒரு விரற்கடை. அந்தப் பையின் ரத்தமே அதில் இருக்கும். பை போன பிறகும் இரண்டு வாரம் பத்திரமாக வைத்திருப்போம். குளிர்பெட்டியிலிருந்து அதை எடுத்து எண்ணைச் சரிபார்த்தேன். நறுக்கி ஒரு சொட்டு எடுத்தேன். மஞ்சள் மருந்தை விட்டுச் சுழற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன்.

புகை. ஒரு துணுக்குக்கூட இல்லை. ஓ.

மறுபடி செய்தேன், ஓ. அதற்கு முந்தைய வாரப் பையின் துண்டும் பெட்டியிலேயே இருந்தது. அதுவும் ஓ. அந்த நிமிஷம் என் மூளை நின்றுபோயிற்று. எந்தப் பையிலும் இல்லாத பி எங்கேயிருந்து வந்தது?

எங்கேயிருந்து வந்தது என்று இந்த உலகத்தில் தெரிந்திருக்க வேண்டிய முதல் ஆள் நான். அப்போதும் என் புத்தி பைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. பக்கத்து லேபில் ஒரு கண்ணாடிச் சில்லை வாங்கி, அவர் ரத்தத்தை நீலச் சாயத்தில் கலந்து இழுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். புதிதாகப் பிறந்த சிவப்பணுவுக்குள் ஒன்றிரண்டு நாளைக்கு நீல வலை மாதிரி ஏதோ மிச்சம் இருக்கும். பையில் கிடந்து பழசான ரத்தத்தில் அது அபூர்வம். இவருடைய சில்லில் மாதக்கணக்காக நாங்கள் தேடித் தேடிக் காணாத வலை. இப்போது திரும்பிய இடமெல்லாம் நீல வலை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, ஓரத்தில் இரண்டு சேர்ந்து.

நான் வாய்விட்டு “அடியே!” என்றேன். யாரை அழைத்தேன் என்று எனக்கே தெரியாது. லட்சத்தில் ஒன்றாக, முகம் காட்டாமல், ஒரு எலும்பின் இருட்டுக்குள் போய் உட்கார்ந்து, தடுத்தவன் தளரும்வரை அலுக்காமல் பெற்றுப் பெற்றுப் பறிகொடுத்துக்கொண்டே இருந்தாளே, அவளைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மா வந்து குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. எத்தனையோ பேருக்குப் பார்த்தவர். நிமிர்ந்தபோது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. “ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆகுது எனக்கு,” என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இன்னிக்குப் பை வேண்டாம். பொறுத்துப் பாக்கலாம்.”

வாலுவைக் கூப்பிட்டேன். அத்தையும் பின்னாலேயே வந்தார். உள்ளே வர அனுமதி இல்லாத இடம்தான், அன்றைக்கு யார் கேட்டார்கள்? வாலுவின் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, அவள் குழாயையும் அண்ணன் குழாயையும் அடுத்தடுத்துப் பிடித்தேன். அவளுடையது முழுக்கத் திரண்டு ஒரே கட்டி. அவருடையதில் அதே சிவப்பில் சின்னச் சின்னத் துணுக்கு.

“இது நான் கொடுத்ததா அண்ணி?” மூக்கை உறிஞ்சினாள். “கொட்டினது போக மிச்சம் ஒட்டிக்கிட்டு இருந்ததா?”

“இல்லடி. நீ கொடுத்த சிவப்பு பூராவையும் கொட்டிட்டோம். ஒட்டிக்கிட்டு இருந்தாலும் இந்நேரம் செத்திருக்கும். இதெல்லாம் உங்க அண்ணன் எலும்புக்குள்ள இந்த வாரம் பொறந்தது.”

அத்தை இரண்டு குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். தொடக் கை நீட்டி, இழுத்துக்கொண்டார். “நான் ரெண்டு பேரைத்தான் பெத்தேன்,” என்று ஆரம்பித்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அவர்களை அனுப்பிவிட்டு, குளிர்பெட்டியைத் திறந்தேன். அன்றைக்கு ஏற்றுவதற்காக அவர் பெயர் ஒட்டி வைத்திருந்த ஓ பை முன் தட்டில் இருந்தது. பெயரைக் கிழித்துவிட்டுப் பையைப் பொது அடுக்கில் வைத்தேன். பிரசவ வார்டிலிருந்து ஏற்கெனவே கேட்டு ஃபோன் வந்திருந்தது.